அணைக்கட்டில் இறங்கிய டிராகன்

சுகிர்தா வாயைத் திறந்தால் பொய். மூடியிருந்தால் அடுத்த பொய்யை யோசிக்கிறாள் என்று அர்த்தம். போளூர் டியூஷன் சென்டரில் இது எல்லாருக்கும் தெரியும். அப்படியும் சனிக்கிழமை காலை சார் வருவதற்குள் அவளைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் கையில் அம்மாவின் போன் இருந்தது. போனில், எட்டாம் வகுப்பு சாத்தனூர் அணைக்குப் போய்வந்த போட்டோ. போட்டோவில், பிள்ளைகளின் தலைக்கு மேலே ஒரு டிராகன்.

நமக்குள் இருக்கட்டும், அந்த டிராகன் பிறந்தது வியாழக்கிழமை சாயங்காலம். உடம்பு, அவள் வீட்டு மோட்டார் ரூம் சுவரில் மாலை வெயில் காய்ந்த ஓணான். இறக்கை, அப்பாவின் ஓட்டைக் குடை. இரண்டையும் போட்டோ எடுத்து, ஓரங்களை விரலால் அழித்து அழித்து வெட்டியெடுத்து ஒட்டினாள். ஓணான் மேல் வெயில் இடப்பக்கம் இருந்து அடித்தது, அணைக்கட்டுப் போட்டோவிலோ கொஞ்சம் வலப்பக்கம். அதனால் ஓணானைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டாள். அதையே இன்னொரு பிரதி எடுத்து, கறுப்பாக்கி, தரையில் சாய்த்துப் படுக்கவைத்து, ஓரத்தை மங்கலாக்கி நிழலும் செய்தாள். இரண்டு மணி நேர வேலை. அவ்வளவு பாடுபட்டுவிட்டு 'சும்மா செஞ்சேன்' என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

"நீங்கல்லாம் போட்டோவுக்கு நின்னீங்க பாரு, அப்பதான் பின்னாடி இறங்குச்சு" என்று ஆரம்பித்தாள். "இறங்கின வேகத்துல அணையில மூணடி தண்ணி ஏறிடுச்சு. ஷட்டரைத் திறக்க ஆள் ஓடுறாங்க. நான்தான், இருங்க, பேசிப் பாக்குறேன்னு சொன்னேன்."

"எந்த பாஷையில பேசின?" என்றாள் கனிஷ்கா. இவள் அறிவியலில் எப்போதும் முதல் மார்க்.

"அது தமிழ் மீடியம்தான்."

கனிஷ்கா போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "போட்டோ எடுத்தது உச்சி வெயில்ல. நம்ம நிழல்லாம் காலடியிலயே கெடக்கு. டிராகன் நிழல் மட்டும் எப்படி இவ்ளோ நீளம்?"

நீளமாக இருந்தால் கெத்தாக இருக்கும் என்று இழுத்துவிட்டிருந்தாள். அதைச் சொல்லமுடியுமா?

"அது காலைல ஆறு மணிக்கே கெளம்பிடுச்சுடி. அப்ப மாட்டின நிழல். வர்ற அவசரத்துல மாத்தல."

இரண்டு பேர் சிரித்தார்கள். கனிஷ்கா விடவில்லை. "பின்னாடி அணைச் சுவரே மங்கலா தெரியுது. தூரத்துல இருக்கறது அப்படித்தான் தெரியும். அதை ஒட்டி நிக்கற டிராகன் முதுகுல முள்ளு எண்ணலாம் போலருக்கே?"

"குளிச்சிருந்துச்சு. சுவரை யாரு குளிப்பாட்டுறா?"

"தண்ணியில எல்லாத்தோட பிம்பமும் விழுது, இதோடது?"

இதை சுகிர்தா சுத்தமாக மறந்திருந்தாள். ஆனாலும் வாய் நிற்கவில்லை. "விழுந்துச்சு. அணை பக்கத்து முதலைப் பண்ணையில இருந்ததுங்க தப்பிச்சு வந்து அந்தப் பிம்பத்தைத் தின்னுடுச்சுங்க. பதினெட்டு முதலைக்கு அஜீரணம். நான்தான் ஓமத்தண்ணி குடுத்தேன்."

"நாப்பத்திரண்டு பேர்ல ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கலையே?"

"ஹேமலதா மிஸ் 'கேமராவைப் பாரு'ன்னு சொன்னப்புறம் திரும்புற தைரியம் உனக்கிருக்கா? அந்த டிராகனே கேமராவைத்தான் பாக்குது."

இதற்கு எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஹேமலதா மிஸ் அப்படித்தான். கனிஷ்காவும் தோற்றுப்போய் போனை அடுத்தவளிடம் தள்ளினாள். சுகிர்தாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

போன் பர்வீனிடம் வந்தது. சுகிர்தாவோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். அவள் டிராகனைப் பார்க்கவே இல்லை, கடைசி வரிசையில் ஒவ்வொரு முகமாகத் தேடினாள்.

"நான் எங்க?"

அவள் நின்ற இடத்தில் கொழுத்த வால் ஒன்று சுருண்டு கிடந்தது.

"உன்னையா? முழுங்கிடுச்சு" என்றாள் சுகிர்தா, அதே வேகத்தில். "நான்தான் வாயில கைவிட்டு..."

"விளையாடாதடி. ரெண்டு வாரம் கெஞ்சி அம்மா விட்டாங்க. மிஸ் பக்கத்துலயே நிக்கணும், போட்டோவுல பாப்பேன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. மிஸ்ஸை ஒட்டித்தான் நின்னேன். இதைப் பாத்தா அடுத்த தடவை எங்கயும் விடமாட்டாங்க."

பர்வீன் அழவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். அதுதான் சுகிர்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ்கிட்ட வேற போட்டோ இருக்குமே" என்றாள் கனிஷ்கா.

இல்லை. மிஸ் போனில் இடமில்லை. 'உங்க அம்மா நம்பருக்கு அனுப்பிட்டேன், நீயே குரூப்ல போட்டுடு' என்று சொல்லிவிட்டு அழித்துவிட்டார். சுகிர்தாவும் இன்று காலைதான் பெற்றோர் குரூப்பில் போட்டாள், டிராகனோடு. அம்மாவோ நேற்று குட்மார்னிங் படங்களை மொத்தமாக அழிக்கும்போது அசலையும் சேர்த்து அழித்துவிட்டாள்.

"அந்த வாலை அழிச்சுட வேண்டியதுதானே?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"முடியாது." சுகிர்தாவின் குரல் இறங்கிவிட்டது. "குரூப்ல போட்டது, எல்லாம் ஒண்ணா ஒட்டிப்போன படம். வாலை அழிச்சா அடியில வெறும் ஓட்டைதான் இருக்கும், பர்வீன் இருக்கமாட்டா."

"அப்ப நீதான் செஞ்சேன்னு ஒத்துக்கற" என்றாள் கனிஷ்கா.

பதில் சொல்ல சுகிர்தாவுக்கு நேரமில்லை. எடிட்டிங் ஆப்பைத் திறந்தாள். படத்தை ஒட்டாமல், அடுக்கு அடுக்காக வைத்துக்கொள்ளும் ஆப் அது. கண்ணாடித் தாளில் ஆளுக்கொரு படம் வரைந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுபோல. அடியில் இருக்கும் தாளை மேலே இருப்பது மறைக்கும், தொடாது. அந்த வேலையை அப்படியே விட்டுவைத்தாளா, இடம் போதவில்லை என்று அதையும் அழித்தாளா? நினைவில்லை.

இருந்தது. குடை, ஓணான், நிழல், வால், எல்லாவற்றுக்கும் அடியில் அணைக்கட்டு.

"அது ஏன் சரியா என்மேல வாலு?" என்றாள் பர்வீன், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"உன் முடி." சுகிர்தா முதல்முறையாக உண்மையைச் சொன்னாள். "மத்தவங்க தலையைச் சுத்தி டிராகனை அழிச்சுட்டேன், அவங்க முன்னாடி நிக்கற மாதிரி ஆயிடுச்சு. உன் சுருட்டை காத்துல பறக்குது. ஒவ்வொரு மயிரா விட்டு அழிக்க முடியல. தலையைச் சுத்தி டிராகன் கலரு ஒட்டிக்கிட்டே நிக்குது. சோம்பேறித்தனத்துல வாலை எடுத்து மேல போட்டுட்டேன். தப்புதான்டி."

பர்வீன் நிமிர்ந்து பார்த்தாள். சுகிர்தா மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. அவளுக்கே அது தாங்கவில்லை போலிருக்கிறது, உடனே கையை உயர்த்திக்கொண்டாள்.

"இப்ப பாரு. நான் போன்னா போயிடும், அவ்ளோ பழக்கம். டிராகனே, கெளம்பு."

ஒவ்வொரு அடுக்கின் பக்கத்திலும் இருந்த சின்னக் கண் படத்தைத் தட்டினாள். நிழல் போனது. இறக்கை போனது. ஓணான் போனது. கடைசியாக வால். ஆறு தலைகளும் முட்டிக்கொண்டு குனிந்தன.

ஹேமலதா மிஸ்ஸை ஒட்டி, சொன்ன சொல் தவறாமல், பர்வீன் நின்றிருந்தாள். கண் இரண்டும் சொருகியிருந்தது. தும்மலுக்குப் பாதி வழியில் வாய் கோணி, மூக்கு மேலே ஏறி, சுருட்டை முடி முழுக்க மிஸ்ஸின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

கீழே சாரின் வண்டிச் சத்தம் கேட்டது.

பர்வீன் போனை வாங்கித் தன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"வாலை எடுத்த இடத்துலயே வை" என்றாள். "முழுங்கிடுச்சுன்னு அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்."