எது பரவாயில்லை?

“‘எது பரவாயில்லை? நான் படிச்சதா, இல்ல நான் படிச்சதை நீ பொறுத்துக்கிட்டதா? சொல்லு வசு. சொல்லிட்டுப் போனை வை.’ இப்படிக் கேட்டா அம்மா அவ. என்னை!”

ஆசிரமத்துக் குரு பூரணி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“யாரு?”

“ரெஜினா. ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து என் பக்கத்து பெஞ்ச். சிஸ்டர் அடிச்சா ரெண்டு பேரும் சேர்ந்துதான் வாங்குவோம். பாராட்டினதுக்கு ஒருத்தி சண்டைக்கு வருவாளா? கேட்டிருக்கீங்களா எங்கேயாவது?”

“என்ன பாராட்டினே?”

வசுமதி போனை நீட்டினாள். பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழு. கறுப்பு அங்கியில் ரெஜினா, கையில் பட்டம், முகம் கொள்ளாத சிரிப்பு. கீழே வரிசையாகப் பூங்கொத்துகள். நடுவில் வசுமதி எழுதியது:

‘பரவாயில்லையே ரெஜினா! ஈவினிங் காலேஜ்னாலும் முடிச்சிட்டியே!’

அம்மா படித்தார். மறுபடி கீரைக்குப் போய்விட்டார்.

வசுமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த அம்மா தன்னைவிட எட்டு வயது சின்னவர். வாரா வாரம் மலையடிவாரம் வரை இரண்டு பஸ் மாறி வந்து, இவர் கீரை ஆய்வதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

“ஏதாவது சொல்லுங்களேன்.”

“என்ன படிச்சா?”

“பி.காம்.”

“எப்படிப் படிச்சா?”

“எப்படின்னா? எல்லாரும் படிக்கிற மாதிரிதான். ஆஸ்பத்திரி பில்லிங்ல வேலை. வேலை விட்டதும் காலேஜ். தினமும் போனைப் போட்டுப் புலம்புவா. நான் அந்த நேரத்துல தோசை வார்த்துட்டு இருப்பேன். ஸ்பீக்கர்ல போட்டுட்டு, ம், ம்னு...”

நிறுத்திக்கொண்டாள்.

“இனிமே என்கூடப் பேச வேண்டாம்னுட்டா அம்மா. பேசாம இருந்திடுவா. அவ அப்படித்தான், சொன்னா சொன்னதுதான். எனக்கு வேற யாரு இருக்கா, வாய்க்கு வாய் பதில் சொல்ல?”

“பசிக்குது” என்றார் அம்மா.

அன்று ஆசிரமத்தில் வசுமதியின் சமையல் முறை; அதற்காக முந்தின நாளே வந்து தங்கியிருந்தாள். புளியோதரை. அவளே இலை போட்டாள், அவளே பரிமாறினாள். மற்றவர்கள் தலைகுனிந்து சாப்பிட்டார்கள். அம்மா ஒரு வாய் வைத்தார். மென்றார். யோசித்தார்.

“பரவாயில்லையே வசுமதி.”

கரண்டி அந்தரத்தில் நின்றது.

“ஆசிரமத்து அடுப்புன்னாலும் முடிச்சிட்டியே.”

“பரவாயில்லையா?”

“ம்.”

“பரவாயில்லையாம்! விடியறதுக்கு முன்னாடி புளியை ஊறப்போட்டேன். இந்த அடுப்புல ஒரு பக்கம்தான் எரியும், இன்னொரு பக்கம் முனகும். எண்ணெய் பிரியற வரைக்கும் நகராம நின்னு காய்ச்சினேன். சாதத்தைத் தாம்பாளத்துல பரத்தி, விசிறியால வீசி வீசி ஆறவெச்சேன், ஒரு பருக்கை உடையலை, பாருங்க! வெந்தயம் ஒரு நொடி கூடினா கசக்கும்னு மூச்சைப் பிடிச்சுட்டு வறுத்தேன். உங்களுக்குப் பரவாயில்லையா? அடுப்பைச் சொல்றீங்களே, அந்த அடுப்போட மல்லுக்கட்டினது யாரு? அடுப்பா?”

கூடம் முழுக்க நிமிர்ந்து பார்த்தது.

அம்மா இலையை லேசாக முன்னால் நகர்த்தினார்.

“இன்னும் கொஞ்சம் போடு.”

வசுமதி போடவில்லை. கரண்டியோடு அப்படியே நின்றாள். காது சிவந்துவிட்டது. எவ்வளவு நேரம் நின்றாளோ, பக்கத்து இலைக்காரர் தானே எழுந்து போட்டுக்கொண்டார்.

பாத்திரம் தேய்க்கும் இடத்தில் அம்மாவைப் பிடித்தாள்.

“குரூப்ல எழுதினதை அழிச்சிடப் போறேன்.”

“அழி.”

அழுத்தினாள். திரும்ப அழுத்தினாள்.

“இப்போ அழிச்சா என் போன்ல மட்டும்தான் போகுமாம். எல்லாருக்கும் அழிக்கிற நேரம் தாண்டிடுச்சாம். சனியன்.”

“அப்போ இருக்கட்டும்.”

“இருக்கட்டுமா? வேற எழுதறேன். ‘உன் விடாமுயற்சிக்குத் தலைவணங்குகிறேன்.’ எப்படி இருக்கு?”

“யாருக்கு எழுதினே?”

“ரெஜினாவுக்கு.”

“தெருமுனை பேனர்லகூட இதைப் பார்த்தேனே.”

வசுமதி பல்லைக் கடித்தாள்.

“‘பெண்ணினத்துக்கே பெருமை.’”

அம்மா ஒரு குண்டானைக் கவிழ்த்தார்.

“‘வயது வெறும் எண்தான்...’”

“அவ வயசை அவ கேட்டாளா?”

“அப்போ என்னதான் எழுதச் சொல்றீங்க? நான் என்ன அவகூட காலேஜுக்கா போனேன்? எனக்கு என்ன தெரியும்?”

“தோசை வார்க்கும்போது என்ன கேட்டுது?”

“ஒண்ணும் கேக்கலை! அட்டெண்டன்ஸ் போச்சு, அரியர் வந்துடுச்சு, அந்த மேனேஜர் லீவு தரலைன்னு எப்பப் பாரு ஒரே...”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

வசுமதி ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். புடவை நனைந்தது, நனையட்டும். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு கல்லில் மாவு விழும் சத்தத்துக்கு நடுவே இருந்து, ஒவ்வொன்றாக, ரெஜினாவின் குரல் வந்தது. தட்ட ஆரம்பித்தாள்.

‘ரெஜினா, மேலே நான் எழுதினதை அழிக்கப் பார்த்தேன், முடியலை. நல்லா கிடக்கட்டும், எல்லாரும் படிச்சிட்டு என்னைத் திட்டுங்க.

‘ஈவினிங் காலேஜ்னா என்னன்னு இங்கே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனா தெரிஞ்சுக்கலை. நீ கவுண்டரை மூடிட்டு யூனிஃபார்ம் புடவையோட ஓடுவே. மாசக் கடைசியில இன்ஷூரன்ஸ் பில்லு முடியாம முதல் பீரியட் போயிடும். அப்படிப் போய்ப் போய் அட்டெண்டன்ஸ் எழுபத்தஞ்சு சதவீதத்துக்குக் கீழே இறங்கிடுச்சு. அபராதம் கட்டி, காரணம் எழுதிக் கொடுத்து, பிரின்சிபால் ரூம் வாசல்ல நின்னுதான் ஹால் டிக்கெட் வாங்கினே. உன்னைவிடச் சின்னவர் அவர், உன்னை ‘வாம்மா போம்மா’ன்னாராம். அட்டெண்டன்ஸ் குறைஞ்சதால இன்டர்னல் மார்க்கும் குறைஞ்சுது. அதை எழுத்துப் பரீட்சையில இழுத்துக் கட்ட வேண்டியிருந்துது.

‘கார்ப்பரேட் அக்கவுண்டிங் அரியர். அடுத்த தடவை எழுதறதுக்குள்ள சிலபஸை மாத்திட்டாங்க. வகுப்புல புதுசு நடத்துவாங்க, உனக்குக் கேள்வித்தாள் பழசுல வரும், பழசை நடத்த ஆளில்லை. நீயே பஸ்ல நின்னுக்கிட்டு ரெண்டு கம்பெனியைச் சேர்த்து ஒண்ணாக்கிற கணக்கைப் போட்டுப் பார்த்தே. பேலன்ஸ் ஷீட் ரெண்டு பக்கமும் சரியா வந்த அன்னிக்குப் போன்ல கத்தினே. நான் ‘தோசை கருகுது, அப்புறம் பேசறேன்’னேன்.

‘அரியர் வெச்சா ரேங்க் கிடையாது, ஆனா ஃபர்ஸ்ட் கிளாஸ் உண்டுன்னு சொன்னே. வாங்கிட்டே.

‘ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியலை. காலேஜ் சாயங்காலம், பரீட்சை மட்டும் மதியம். அந்த மேனேஜர் அரைநாள் லீவு தரமாட்டேன்னு நின்னான். ஆனா நீ ஒரு பரீட்சைகூட விடலை. அவனை எப்படிச் சமாளிச்சேன்னு ஒரு நாள் முழுக்கச் சொன்னே. நான் கேக்கலை. என் காதுல ‘ம்’ மட்டும்தான் இருக்கு.’

மேலும் இரண்டு வரி தட்டினாள். அழித்தாள். வேறு தட்டினாள். அனுப்பினாள்.

இரண்டு டிக் குறிகளும் நீலமாயின; எல்லாரும் படித்துவிட்டார்கள். ஒருத்தியும் பூ போடவில்லை, ஒருத்தியும் கைதட்டவில்லை. குழுவின் தலைப்பில் ‘ரெஜினா எழுதுகிறார்’ என்று தோன்றியது, மறைந்தது, மறுபடி தோன்றவில்லை.

கடைசி வரி திரையில் அப்படியே நின்றது.

‘அடுப்பை அணைச்சிட்டேன். அந்த லீவுக் கதையை இன்னொரு தடவை சொல்றியா ரெஜினா?’