ரெண்டு ஓணான்

"எம் மக ஜெபம் பண்ண மாட்டேங்கா அக்கா" என்றாள் எப்சிபா.

லேயாள் அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று பாயை அலசிக்கொண்டிருந்தாள். குளத்து நடுவில் இருந்த பாறையும், அதன் மேலிருந்த சின்ன ஜெபவீடும் பனிமூட்டத்துக்குள் போயிருந்தன. அந்த ஜெபவீட்டைக் கூட்டிப் பெருக்குவது லேயாள். மனசு முட்டினால் ஊர்ப் பொம்பளைகள் வந்து நிற்பதும் அவளிடம்தான். அதிகம் பேச மாட்டாள்.

"எத்தனை வயசு?"

"நாலு."

"வாயே திறக்க மாட்டேங்காளா?"

"மனப்பாடம் சொல்லுதா. பரமண்டல ஜெபத்த ரயிலு மாதிரி ஓட்டி, ஆமென்னு நிறுத்திருதா. சொந்தமா ஒரு வார்த்தை கிடையாது."

"முன்னால சொன்னாளா?"

எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அத ஏங்க்கா கேக்கிய! எங்க வீட்டுக் கோழி அடை உக்காந்திருந்துச்சு. இவ கண்ண மூடிக்கிட்டு, 'ஏசப்பா, எங்க கோழிக்குக் கால் வலிக்கும். அது போயி தண்ணி குடிச்சுட்டு வரட்டும். அதுவரைக்கும் நீங்க முட்டை மேல கொஞ்சம் உக்காருங்க'ன்னா!"

லேயாள் சிரிக்கவில்லை.

"யார்கிட்டல்லாம் சொன்ன?"

"வீட்டு ஜெபக்கூட்டத்துல சொன்னேன். எங்க அத்தைகிட்ட சொன்னேன். மஸ்கட்ல இருக்க அவுக அப்பாவுக்குப் போன்ல சொன்னேன். எங்க கொழுந்தனாரு இப்பவும் அவளப் பாத்தா, 'என்ன மீமா, ஏசப்பா முட்டையில உக்காந்தாச்சா'ன்னுதான் கேப்பாரு. ஊரே சிரிச்சுச்சு."

சொல்லி முடித்தபோது அவள் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

லேயாள் பாயைப் படிக்கட்டில் விரித்தாள்.

"நீ ஒரு ஜெபம் பண்ணு" என்றாள்.

"இப்பவா?"

"இப்பதான்."

எப்சிபா முக்காட்டை இழுத்துவிட்டாள். கிருபையும் இரக்கமும் நிறைந்த பிதாவைக் கூப்பிட்டாள். இந்தக் காலை வேளைக்காக ஸ்தோத்திரம் சொன்னாள். தேசங்களை, தலைவர்களை, ஊழியங்களை, வியாதியஸ்தரை ஒவ்வொன்றாக ஒப்புக்கொடுத்தாள். எங்கேயும் தட்டவில்லை.

லேயாள் கடைசிவரை கேட்டாள்.

"நல்லாருக்கு. இதுல உன் வீடு எங்க?"

"எங்க வீடா?" என்றாள் எப்சிபா.

"உம் மக ஜெபத்துல ஒரு கோழி வந்துச்சு. உன்னுதுல யாரும் வரலியே."

பனிக்குள் ஒரு நீர்க்காகம் முங்கும் சத்தம் கேட்டது. எழுந்த சத்தம் கேட்கவில்லை.

"பிள்ளைய பக்கத்துல உக்கார வச்சுக்க" என்றாள் லேயாள். "இன்னைக்கு நடந்தத நீ சொல்லு. மூணு வாக்கியம் போதும். அதுக்கு மேல நாலு வயசு தாங்காது. 'நீயும் சொல்லு'ன்னு சொல்லாத."

"அப்ப மனப்பாடத்த விட்டுரவா?"

"கைப்பிடிச் சுவரை எவளாவது இடிப்பாளா? சேந்து சொல்லுங்க. அப்புறம் உன் மூணு வாக்கியம்."

அன்று சாயங்காலம், வெளிச்சம் பனைமரத்து உச்சியில் மட்டும் மிச்சமிருந்த நேரம், இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ரயில் ஓடி நின்றது. எப்சிபா ஆரம்பித்தாள்.

"ஏசப்பா, மீமா தட்டுல மிச்சம் வைக்காம சாப்பிடணும். பெரியவங்க சொல்லுதத கேக்கணும். சிலேட்டை நக்கக் கூடாது."

மீமா ஒரு கண்ணைத் திறந்தாள்.

"எம்மா, இத நீ எங்கிட்டயே சொல்லலாம்லா?"

மறுநாள் இதைக் கேட்டதும் லேயாள் குனிந்து தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"சிரிக்கியளா?"

"தண்ணி குளிருது" என்றாள் லேயாள். பிறகு, "உனக்குன்னு சொல்ல ஒண்ணுமே இல்லியா, ஏட்டி?" என்றாள்.

எப்சிபாவுக்கு அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே நடந்து வந்தது.

அன்றைக்கு அவள், "ஏசப்பா, கேஸ் தீந்துபோச்சு. விறகுல ஊதி ஊதிக் கண்ணு எரியுது. ஆனா சோறு நல்லா வெந்துச்சு, நன்றி" என்றாள்.

அடுத்த நாள், "ஏசப்பா, மீமா அப்பா போன் வரல. எனக்குப் பயமாருக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் பயமாக இருந்தது அவளுக்கே தெரிந்தது.

மீமா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடவில்லை. எறும்பைப் பார்த்தாள். ஆமென் மட்டும் சத்தமாகச் சொன்னாள்.

'நீயும் சொல்லு மக்ளே' என்ற வார்த்தை எப்சிபாவின் பல்லில் வந்து நின்றது. விழுங்கினாள். நாலு நாள் விழுங்கினாள்.

ஐந்தாம் நாள் முருங்கைக்கீரை உருவும்போது சும்மா கேட்டாள். "இன்னைக்கு எது உனக்கு நல்லாருந்துச்சு?"

"ஓணான்" என்றாள் மீமா. கீரைக் காம்பை ஓணான் வாலாக்கித் தரையில் ஓட்டினாள்.

சாயங்காலம் எப்சிபா தன் வாக்கியங்களோடு இதையும் சேர்த்தாள். "ஏசப்பா, மீமா இன்னைக்கு ஓணான் பாத்தா. நன்றி."

"ரெண்டு ஓணான்" என்றாள் மீமா.

எப்சிபா கண்ணை இன்னும் இறுக மூடிக்கொண்டாள்.

"ஒண்ணு தலையாட்டுச்சு" என்றாள் மீமா, கூரையைப் பார்த்து.

எப்சிபா திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பு நெஞ்சுவரைக்கும் வந்தது. மடியைக் கையால் அழுத்திக்கொண்டாள். கொழுந்தனார் வந்து காப்பி குடித்தார். அவள் ஓணானைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது என்னவோ இடுப்பில் நிறைகுடத்தை வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது.

ஆனால் ஓணானுக்குப் பிறகு மறுபடியும் மௌனம். இரண்டு நாள்.

மூன்றாம் நாள் வெயில் சாய்ந்தபோது எப்சிபா பாயில் உட்கார்ந்தாள். கையைக் கோர்த்தாள். பிரித்தாள். மறுபடி கோர்த்தாள்.

"ஏசப்பா" என்றாள். "மீமா உங்ககிட்ட ஒண்ணு சொன்னா. அது உங்களுக்குச் சொன்னது. நான் அதை எடுத்து ஊரெல்லாம் சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. முதல்ல சிரிச்சது நான்தான். அவளுக்கு வெக்கமாப் போச்சு. எங்க ரெண்டு பேரையும் நீங்கதான் பாக்கணும்."

மூன்று வாக்கியத்தைத் தாண்டிவிட்டது. எண்ணவில்லை.

சாயங்கால வெயில் அறைக்குள் மெதுவாக நகர்ந்தது. தூசு அதில் மிதந்தது. எதுவும் கீழே விழாத மாதிரி.

மீமா எழுந்தாள். அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். ஜன்னலுக்குப் போனாள். கம்பியைப் பிடித்து ஏறி, கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு வெளியே பேச ஆரம்பித்தாள்.

கிசுகிசுப்புதான். ரொம்ப நேரம் பேசினாள். நடுவில் தலையாட்டினாள். ஒரு இடத்தில் நிறுத்தி, மறந்ததை யோசித்து, மறுபடி பேசினாள். "...எங்க அம்மா..." என்று மட்டும் காதில் விழுந்தது. பிறகு காற்று பனையோலையைப் பிடித்து உலுக்கியது.

"ஆமென்!" என்று கத்திவிட்டுக் குதித்து இறங்கினாள். "பசிக்கி" என்றாள்.

விடிந்தும் விடியாமல் எப்சிபா குளத்துக்கு ஓடினாள். பனி கரையை மூடியிருந்தது. ஆள் தெரியவில்லை. பெருக்குமாறு படிக்கட்டுக் கல்லில் உரசும் சத்தம் மட்டும் வந்தது. சத்தத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அக்கா! பண்ணிட்டாக்கா! சொந்தமா! எவ்வளவு நேரம் தெரியுமா!"

பெருக்குமாறு நின்றது.

"ஆனா பாதிக்கு மேல கேக்கல. என்னப் பத்தி ஏதோ சொன்னா. என்ன சொல்லியிருப்பான்னு ராத்திரி பூரா உறக்கமே இல்ல. கேட்டுப் பாக்கவாக்கா?"

பனிக்குள்ளிருந்து லேயாள் கேட்டாள்.

"ஜெபத்துல அவ உன்னையா கூப்பிட்டா?"