இரண்டாவது பாய்

முன்னொரு காலத்தில், கோரைப்புல் ஆளுயரம் வளரும் வெண்ணாட்டில், சேந்தன் என்றொரு பாய் நெய்பவன் இருந்தான். அதே நாட்டில் கருங்கண்டன் என்றொரு மந்திரவாதி கோட்டை கட்டிக்கொண்டிருந்தான். கல் உடைக்கும் சிரமமெல்லாம் அவனுக்கு இல்லை. துக்கத்தை மறைத்து மூன்று முறை "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்கிறவன் கல்லாகும்படி மந்திரம் போட்டிருந்தான். கல்லானவனைத் தூக்கி மதிலில் வைப்பான். மதில் மளமளவென்று வளர்ந்தது. எத்தனை ஆண்கள், பாருங்கள்!

சேந்தனின் மனைவி மாங்கனிக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. ஊர் வழக்கப்படி அவளுக்கு ஒரு பாய் விரித்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து கூடவே அழுதார்கள். பால் கட்டி மார்பு வலித்தபோது ஒத்தடம் கொடுத்தார்கள். சேந்தன் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான். வீடு முழுக்கப் பாய், அவனுக்கு விரிக்கத்தான் ஒன்று இல்லை.

குழந்தையைப் புதைத்துவிட்டு வந்தவனிடம் அண்ணன் கேட்டான்: "மாங்கனி எப்படி இருக்கா? நீதான்டா தைரியமா இருக்கணும்."

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே."

பாதம் கல்லானது. யாரும் அவன் காலைப் பார்க்கவில்லை.

மாமியார் கேட்டாள்: "என் பொண்ணு சாப்பிட்டாளா? அவ முன்னாடி கண் கலங்கிடாதீங்க மாப்ள."

"எனக்கு ஒண்ணுமில்ல அத்தை."

இடுப்புவரை கல்லானது. தறியின் முன்னே உட்கார்ந்திருந்தவன் எழ முடியாமல் நெய்துகொண்டே இருந்தான்.

மூன்றாம் நாள் தறிச் சத்தம் கேட்டு மாங்கனி கொதித்துப் போய் வந்தாள். "புள்ளையப் பறிகொடுத்த வீட்ல வேலையா? உங்களுக்கு வலிக்கவே இல்லையா?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

கழுத்துவரை கல்லானான், முகம் மட்டும்தான் மிச்சம். கையிலிருந்த பாய் நழுவி விழுந்தது. குழந்தைக்கான பாய், ஒரு சாண் அகலம்தான். கரு தங்கிய சேதியை அவள் சொன்ன அன்றே தொடங்கியது. கடைசி நான்கு விரல் நீளம் புதிதாக நெய்தது, கோரை ஈரமாக இருந்தது. மாங்கனி அதைக் குனிந்து எடுத்தாள்.

கருங்கண்டன் வாசலில் வந்து சிரித்தான். "கல்லை எடுக்க வந்தேன். சுமந்தவள் நீ. இவனுக்கு என்ன நஷ்டம்?"

"நான் வயித்துல சுமந்தேன். இவர் கையில சுமந்திருக்காரு. தள்ளி நில்லு!"

அவள் தன் பாயின் பக்கத்தில் இன்னொரு பாயை விரித்தாள். ஊரில் ஒருவரும் கேட்காததைக் கேட்டாள்: "நீங்க எப்படி இருக்கீங்க?"

சேந்தன் சொன்னான்: "நல்லா இல்ல மாங்கனி. அது என் விரலப் பிடிச்சு நடக்குறவரைக்கும் நினைச்சுப் பாத்துட்டேன். நான் அழுதா நீ உடைஞ்சிடுவியோன்னு பயந்தேன்."

"நீங்க அழாததுலதான் உடைஞ்சேன். நான் மட்டும் தனியா அழறேன்னு நினைச்சேன்."

கல் வெடித்தது. சேந்தன் வாய்விட்டு அழுதான்.

பிறகு இருவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனார்கள். கருங்கண்டன் கத்தினான், மிரட்டினான், கெஞ்சினான். அவர்கள் ஒவ்வொரு கல்லிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள். ஒவ்வொரு கல்லும் மனிதனாகி இறங்கியது. மதில் இல்லாத மந்திரவாதி நாட்டைவிட்டே ஓடினான்.

அதற்குப் பிறகும் மாங்கனி பேசிப் பேசித்தான் அழுதாள், சேந்தன் நெய்து நெய்துதான் ஆறினான். தறிச் சத்தம் கேட்டால் அவள் பக்கத்தில் போய் உட்காருவாள், அவ்வளவுதான். வெண்ணாட்டில் கரு கலைந்த வீடுகளில் அன்றுமுதல் இரண்டு பாய் விரித்தார்கள். "ஆம்பளைக்கு எதுக்குப் பாய்?" என்று யாராவது கேட்டால், மாங்கனி அவரை வாசலிலேயே நிறுத்துவாள். அந்த அப்பனிடம் எப்படி இருக்கிறாய் என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு உள்ளே வா என்பாள்.