வெண்கரை கொண்ட கோவேளன்

நெடுவேலர் குலத்து அரசர்களுக்குப் பட்டம் பிறப்பால் வருவதில்லை. கால்வாய் வெட்டியவன் ‘தலைநீர் தந்த’ என்று கல்லில் நின்றான். படகில் உயிர்விட்டவனை இறந்த பிறகு ‘ஓடத்தில் துஞ்சிய’ என்று எழுதினார்கள். ஓர் ஊரை வென்றவனுக்கு இரண்டு சொற்களில் ஒன்று. ஊர் உயிரோடு கைக்கு வந்தால் ‘கொண்ட’, அதுவே உயர்ந்தது. எரித்து அழித்திருந்தால் ‘எறிந்த’. கொண்ட ஊரார் குடிகள், வீடு திரும்பலாம். எறிந்த ஊரார் கொள்ளைப்பொருள், சந்தையில் விற்கப்படுவார்கள். தோற்ற ஊரில் ஒருவரைச் சாட்சி கேட்டே அவைப்புலவர் சொல்லைத் தேர வேண்டும். சட்டம் கேட்டது அந்த ஒரு சொல்லை மட்டும். பின்னால் வரும் புகழ் வரிகள் புலவரின் விருப்பம்.

அரசன் கோவேளன் தான் வென்ற வெண்கரை ஊரிலிருந்து எண்பது பேரைக் கட்டிக் கொண்டுவந்தான். அவைப்புலவர் ஏறனாரின் முன் சாட்சியாக நின்றவள் நக்கணி என்ற நெசவுக்காரி. அவள் மகளும் அந்த எண்பதில் ஒருத்தி.

“உன் ஊரை அரசர் கொண்டாரா, எறிந்தாரா?”

“கொண்டார், ஐயா.”

“கை ஏன் இப்படி வெந்திருக்கிறது?”

“உலை கவிழ்ந்தது.”

“இரண்டு கையிலுமா?”

“பெரிய உலை, ஐயா. எழுதுங்கள்.”

ஏறனாருக்குப் புரிந்தது. அவள் முந்தானையில் இன்னும் புகை வாடை இருந்தது. மறுபடி கேட்டால் உண்மை வரும். எண்பது பேரும் சந்தைக்குப் போவார்கள். அவர் கேட்கவில்லை. ‘வெண்கரை கொண்ட’ என்று எழுதினார். எழுத்தாணியைக் கீழே வைக்க மனம் வரவில்லை. ‘வாயில் திறந்து மங்கையர் மாலை சூட்ட’ என்று அடுத்த வரி தானாக வந்து விழுந்தது. ஓசை அவருக்கே இனித்தது. எண்பது பேரும் விடுதலையானார்கள், திரும்பிப் போனது சாம்பலுக்குத்தான் என்றாலும். அரசன் அவருக்கு ஓர் ஊரை வரியில்லாத இறையிலியாகக் கொடுத்தான்.

கல்தச்சன் பூவன் பட்டத்தைப் பேசாமல் வெட்டினான். மாலை வரி வந்ததும் உளியை வைத்துவிட்டான்.

“அந்த ஊர்ப் பெண்களின் சாம்பலை வண்டியில் பார்த்தேன், சாமி. இதை வேறு ஆள் வெட்டட்டும்.”

அவன் வலக்கைக் கட்டைவிரலை வெட்டினார்கள். வேறு ஆள் வெட்டினான்.

பொய் சொன்ன நக்கணி, தெரிந்தே எழுதிய ஏறனார், பாதியில் நிறுத்திய பூவன். கேட்பவர்களே, இதில் யார் செய்தது சரி?

நக்கணி செய்தது சரி. செத்தவர்கள் அவளுடைய ஆட்கள். இருப்பவர்களுக்காக அவர்களை விட்டுக்கொடுக்க அவளுக்கே உரிமை உண்டு. பூவன் செய்ததும் சரி. உயிர்களைக் காத்த சொல்லை அவன் வெட்டினான், யாரையும் காக்காத வரியைத்தான் மறுத்தான். ஏறனார் ஒரு சொல் வரைக்கும் சரி. மாலையை அவரிடம் யாரும் கேட்கவில்லை.