குயிலம்மாள் வளர்ந்த ஏழாம் நம்பர் வீடு

மந்தவூர்க்காரங்களுக்கு மூளை இல்லைன்னு சொல்றவன் வாயில மண்ணு. இருக்கு. எடுத்துச் செலவு பண்ண மாட்டாங்க, அவ்வளவுதான்.

அந்த ஊர் மேலத் தெருவில் ஏழாம் நம்பர் வீடு நினைவில்லம். 'நாடக நடிகை குயிலம்மாள் குழந்தைப் பருவத்தில் வாழ்ந்த இல்லம். இக்கல்லை அகற்றக் கூடாது' என்று வாசல் சுவரில் கல்வெட்டு. பார்க்க வருகிறவர்களின் கார் நிறுத்த இடமில்லை. அதற்காகப் பதினைந்தாம் நம்பர் வீட்டைத் திங்கட்கிழமை இடிக்க நகராட்சி உத்தரவு போட்டுவிட்டது. அங்கே இட்லிக்கடை வைத்துப் பிழைக்கிறவள் சிவனம்மா.

"அய்யா, குயிலம்மா வளர்ந்தது என் வீடுதான்னு எங்க மாமனார் சாகுற வரைக்கும் சொன்னாரு. ஒரு தடவை விசாரிங்கய்யா!" என்று தொல்லியல் அதிகாரியிடம் அழுதாள்.

அதிகாரி ஊர்க் குழுவைக் கூப்பிட்டார். தலைவர் பரமேஸ்வரன், கோட்டைச்சாமி, அய்யாக்கண்ணு, மூன்றே பேர். "கல்வெட்டை நம்பாதீங்க. கூரை ஓட்டுல வருஷம் பாருங்க, பத்திரம் பாருங்க, பள்ளிக்கூடப் பதிவேடு பாருங்க. பழைய காகிதத்துக்குப் பழைய நம்பரைத்தான் வச்சுக்கணும், புது நம்பரைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார்.

முதல் வேலையாகக் கல்வெட்டின்மேல் சாக்கைப் போட்டு மூடினார்கள். பார்த்தால் நம்பிவிடுவோமாம்.

அப்புறம் ஏழாம் நம்பர் கூரையில் ஏறி ஓட்டைப் புரட்டினார்கள். கம்பெனி முத்திரையோடு 1934 என்று இருந்தது. குயிலம்மாள் பிறந்தது 1916. பன்னிரண்டு வயதில் நாடகக் கம்பெனியோடு ஊரைவிட்டுப் போனவள்.

"ஐயோ பாவம், கூரையே இல்லாம வளர்ந்திருக்கு அந்தப் புள்ள!" என்று கோட்டைச்சாமி கண்ணைத் துடைத்தார்.

"ஓடு பின்னால மாத்தினதா இருக்கும்யா. பத்திரத்தைப் பாரு" என்றார் தலைவர். அன்றைக்கு அவருக்கு ஏதோ நல்ல நேரம்.

பதிவு அலுவலகத்தில் நகல் எடுத்தார்கள். குயிலம்மாளின் அப்பா அந்த வீட்டை வாங்கியதே 1935-ல்தான். மகள் பேர் வாங்கின பிறகு அனுப்பின காசு.

"வாங்குறதுக்கு முன்னாடி எப்படிய்யா வளர்ந்துச்சு?" என்றார் தலைவர்.

"வாடகைக்கு இருந்திருக்கலாம்ல?" என்றார் கோட்டைச்சாமி.

நியாயமான கேள்விதான். விற்றவர் குடும்பமே முப்பது வருஷம் அங்கே குடியிருந்ததாகப் பத்திரத்தில் எழுதியிருந்தது.

தெருவிலேயே வயசான வேலப்பரைக் கேட்டார்கள். "ஏழாம் நம்பர்லதான் வளர்ந்தா. கல்வெட்டே சொல்லுதே!" என்றார்.

"கல்வெட்டு வைக்கிறப்ப யாரைக் கேட்டாங்க?"

"என்னைத்தான்."

"ரெண்டு சாட்சி" என்று அய்யாக்கண்ணு எழுதிக்கொண்டார். தலைவர் பிடுங்கிப் பார்த்து, "கல்லு இவரைச் சொல்லுது, இவரு கல்லைச் சொல்றாரு. ஆக ஒரு சாட்சிகூட இல்லைடா!" என்று எழுதினதை அடித்துவிட்டார்.

பள்ளிப் பதிவேட்டில், 1922 சேர்க்கையில், 'குயிலம்மாள், மேலத் தெரு, 7' என்று பளிச்சென்று இருந்தது. சேதி கேட்ட சிவனம்மா சட்டி பானையைக் கட்டத் தொடங்கினாள்.

அங்கேதான் நகராட்சி வீட்டுவரிப் பதிவேடு கைகொடுத்தது. தெருவில் இருபத்தோரு வீடு. 1951 வரை நம்பரை மேற்கிலிருந்து போட்டிருந்தார்கள். அப்புறம் கிழக்கிலிருந்து. பழைய ஏழு, புதுப் பதினைந்து. பழைய பதினைந்து, புது ஏழு. பழைய ஏழில் 1920 முதல் 1929 வரை குடியிருந்தவர் என்று குயிலம்மாளின் அப்பா பேரே இருந்தது.

"நான் சொன்னேன்ல!" என்று சிவனம்மா சிரித்தாள், அழுதாள், மூவருக்கும் இட்லி வைத்தாள்.

பிசகில்லாமல் அறிக்கை எழுதினார்கள். 'பத்திரமாக வைக்கவும்' என்று அதிகாரி சொல்லியிருந்ததால், பூட்டிப் பத்திரமாக வைத்தார்கள். அனுப்பச் சொல்லவில்லையே!

"பழைய நம்பரைத்தான் வச்சுக்கணும்னாரே, அதைச் செய்யலையே?" என்றார் அய்யாக்கண்ணு. அட, ஆமாம்! ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் டப்பாவோடு போய், இருபத்தோரு வீட்டு நம்பரையும் பழையபடி எழுதிவிட்டு வந்தார்கள்.

திங்கள் காலை இடிக்கும் இயந்திரம் வந்தது. ஓட்டுநர் உத்தரவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பதினைந்து. சாக்கைத் தூக்கிக் கல்வெட்டையும் படித்தார். 'அகற்றக் கூடாது.' பொறுப்பான மனுஷன். கல்வெட்டு இருந்த சுவரை மட்டும் விட்டுவிட்டு, நினைவில்லம் முழுவதையும் தரைமட்டமாக்கிவிட்டுப் போனார்.

சிவனம்மா வீடு தப்பித்தது. கார் நிறுத்தவும் இடம் கிடைத்தது. இப்போது வெளியூர்க்காரர்கள் வந்து அந்த ஒற்றைச் சுவரைச் சுற்றிச் சுற்றித் தேடினால், பரமேஸ்வரன் பெருமையாக விளக்குகிறார்:

"நல்லா பாத்துக்குங்க. குயிலம்மா வளராத வீடு இதுதான். தீர விசாரிச்சு, சந்தேகமே இல்லாம இடிச்சிருக்கோம்."