ராஜாவின் பாதி

குஜராத் கடலோரத்து ஊரொன்றில் கூவர்பாய் என்ற பார்சி விதவை இருந்தாள். குருமார் குடும்பத்துப் பெண். பார்சிகள் இடுப்பில் கட்டும் புனித நூலை நெய்து பிழைத்தாள்.

புதிதாக வந்த அதிகாரி ஜஸ்கரன் பார்சிகளைக் கூப்பிட்டு, "பாரசீகத்திலிருந்து தப்பிவந்த உங்களுக்கு அந்தக் காலத்து ராஜா இந்த இடத்தைக் கொடுத்தாராமே? பட்டயத்தைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கே அக்கினிக் கோயிலைக் காலி செய்யுங்கள்" என்றார்.

முன்பொரு போரில் ஊர் எரிந்தபோது பட்டயமும் எரிந்துவிட்டது. பெரியவர்கள் அவகாசம் கேட்டுக் கெஞ்சினார்கள்.

கூவர்பாய் மட்டும், "இன்று சாயங்காலம் என் மகளுக்குக் கல்யாணம். வாருங்கள் ஐயா, காட்டுகிறேன்" என்றாள்.

ஜஸ்கரன் வந்தார். பொழுது சாய்ந்ததும் சடங்கு தொடங்கியது. மணப்பெண் ஊர்ப் பெண்களைப்போலச் சேலை கட்டியிருந்தாள். சடங்கு நடத்திய குரு, தன் தகப்பனிடம் மனப்பாடமாகக் கற்ற ஆசியைப் பாரசீகத்துப் பழைய மொழியில் சொன்னார். பிறகு சமஸ்கிருதத்திலும் சொன்னார்.

"பட்டயம் எங்கே?" என்றார் ஜஸ்கரன்.

"இவ்வளவு நேரம் பார்த்தீர்களே! சேலை கட்டுவோம், பொழுது சாய்ந்தபின் கல்யாணம் செய்வோம், ஆசியை உங்கள் மொழியிலும் சொல்வோம் என்று எங்கள் முன்னோர் ராஜாவுக்கு வாக்குக் கொடுத்தார்கள். எங்கள் பாதியை இன்னும் காப்பாற்றுகிறோம். ராஜாவின் பாதிதான் அந்த இடம். அவர் கொடுத்த வாக்கு பொய்யாகிவிட்டது என்று ஊருக்குச் சொல்லிவிடட்டுமா?"

கல்யாணத்துக்கு வந்திருந்த ஊர்க்காரர்கள் சிரித்துவிட்டார்கள். ஜஸ்கரனுக்கும் சிரிப்பு வந்தது. "வேண்டாம் தாயே, இடம் உங்களுடையதுதான்" என்றார்.

கூவர்பாய்க்குக் கண் கலங்கியது. விருந்தில் முதல் வாழை இலையை ஜஸ்கரனுக்கே போட்டாள்.

"இடம் கொடுத்த ராஜாவின் இடத்தில் இருப்பவர் நீங்கள். நீங்கள் சாப்பிட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம்."