மூன்று சாய்ந்த கோடுகள்

மனைவி இறந்த மாதமே கதிரேசன் மடத்துக்கு வந்துவிட்டார். வீட்டையும் ஒன்பது வயது மகள் வடிவையும் தம்பி குடும்பத்திடம் ஒப்படைத்தாயிற்று. மடத்தை நடத்திய மங்கையர்க்கரசி அம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர். முதலில் அது அவருக்கு உறுத்தத்தான் செய்தது. மூன்று வருஷத்தில் பழகிவிட்டது.

இந்தத் தடவை மனைவியின் திதிக்கு ஊருக்குப் போய்விட்டுத் தெம்பாகத் திரும்பினார்.

"காவி குடுங்கம்மா. பொண்ணைப் பத்தின கவலை விட்டுடுச்சு."

"எப்படி?"

"பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் வீட்டுக் கதவு நிலையில அவ உயரத்தைக் குறிக்கிறது வழக்கம். பார்த்தேன். வருஷத்துக்கு மூணு விரல்கடை. அவ அம்மா போன வருஷங்கூட அதே மூணு. ஒண்ணும் குறையலை."

"யார் குறிப்பாங்க?"

"முன்னே நான்தான். குதிகால் நிலையில ஒட்டணும், பார்வை நேரா இருக்கணும். தலைமேல புத்தகத்தைப் படுக்க வெச்சு, அதுக்கு அடியில கோடு போடுவேன்."

"இப்போ?"

கதிரேசன் யோசித்தார். ஊரில் யாரிடமும் அதை அவர் கேட்கவில்லை.

"கடைசி மூணு கோடும் கொஞ்சம் சாய்வா இருந்துச்சு," என்றார்.

அம்மாள் ஒரு புத்தகத்தையும் பென்சிலையும் கொடுத்தார். "இந்த மடத்துக் கதவு நிலையில உங்க உயரத்தை நீங்களே குறிங்க."

ஒரு கையால் புத்தகத்தைப் பிடித்தால் மறு கைக்குப் பென்சில் போகும் இடம் தெரியவில்லை. அண்ணாந்து பார்த்தார், குதிகால் எழும்பியது. புத்தகம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. ஒரு வழியாகக் கோடு விழுந்தது, சாய்வாக.

பிறகு அம்மாள் ஒரு முக்காலியில் ஏறி நின்று முறைப்படி குறித்தார். அந்தக் கோடு இரண்டு விரல்கடை கீழே இருந்தது.

கதிரேசன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்டுல நாலு பேர் இருக்காங்களேம்மா. யாரையாவது பிடிக்கச் சொல்லியிருக்கலாமே."

"இருக்கலாம்."

"மூணு வருஷமும் தனியாத்தான் நின்னிருக்கா."

"மூணு கோடும் இதே மாதிரி ரெண்டு விரல்கடை ஏறியிருக்கும். அதனால பின்னால வந்த ரெண்டு வருஷக் கணக்கு சரிதான். அவ அம்மா போன வருஷம் உங்க கடைசிக் கோட்டுலேருந்து அவ முதல் கோட்டுக்கு அளந்தது, அதை மட்டும் திரும்பப் பாருங்க."

விரலை மடக்கிப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. மூன்றில் இரண்டு போனால் ஒன்று. அந்த வருஷம் முழுக்க அவள் ஒரே ஒரு விரல்கடைதான் வளர்ந்திருக்கிறாள். சாப்பிட்டாளோ, தூங்கினாளோ. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அவர் நிம்மதியாகப் பஸ் ஏறி வந்திருந்தார்.

அப்படியே தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் அழுதார். அம்மாள் தடுக்கவில்லை.

"அந்த ரெண்டு விரல்கடையை அவளுக்கு எப்படித் திருப்பிக் குடுப்பேன்?"

"முடியாது," என்றார் அம்மாள். முக்காலியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அவ இன்னும் வளர்ந்து முடிக்கலை. போங்க."